ஃபயர்வால் ஆன்ல இருந்தும் அக்கவுன்ட் போச்சே, அது எப்படி? ஆன்டிவைரஸ் எதைத் தடுக்கும், ஃபயர்வால் எதைத் தடுக்கும்

வணக்கம் மக்களே. போன வீடியோ கமெண்ட்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு, "ப்ரோ விண்டோஸ்லயே ஃபயர்வால் இருக்கே, அப்புறம் எதுக்கு ஆன்டிவைரஸ்?"னு. அதுக்குக் கீழேயே இன்னொருத்தர், "ஆன்டிவைரஸ் காசு குடுத்து வாங்கியாச்சு, ஃபயர்வால ஆஃப் பண்ணிட்டேன், கேம் ஸ்மூத்தா ஓடுது"ன்னு போட்டிருக்காரு. ரெண்டுக்கும் சேர்த்து இன்னைக்கு ஒரே பதில். இந்த வாட்ச்மேன், போலீஸ் உதாரணம் எல்லாம் நான் சொல்லப் போறதில்ல, அது எல்லா வீடியோலயும் இருக்கு, கேட்டு முடிச்சப்புறமும் எது எதைத் தடுக்கும்னு யாருக்கும் புரியாது.

நேரா ஒரு பழைய கதைக்குப் போயிடலாம். 2003 ஆகஸ்ட். பிளாஸ்டர்னு ஒரு வோர்ம், அதாவது ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குத் தானாவே பரவற வைரஸ், வந்துச்சு. அப்போ பாதிப் பேர் வீட்ல விண்டோஸ் எக்ஸ்பி, டயல்-அப் கனெக்‌ஷன். நெட் கனெக்ட் பண்ணுவீங்க, எதையும் க்ளிக் பண்ணியிருக்க மாட்டீங்க, மெயில் கூடத் திறந்திருக்க மாட்டீங்க, திடீர்னு ஒரு பெட்டி வரும், `Remote Procedure Call (RPC) service terminated unexpectedly`ன்னு சொல்லி அறுபது செகண்ட் கவுண்ட்டவுன் ஓட ஆரம்பிக்கும், முடிஞ்சதும் கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட். மறுபடி நெட் போடுங்க, மறுபடி அதே பெட்டி. அந்தக் காலத்து ஆளுங்க ரன் பாக்ஸ்ல `shutdown -a` அடிச்சு நிறுத்துவாங்க, ஞாபகம் இருக்கறவங்க கை தூக்குங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த வோர்ம் ஃபைலா வரல. நெட் வழியா டேட்டா வந்து போறதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல நம்பர் போட்ட கதவுகள் மாதிரி போர்ட்கள் இருக்கு, அதுல 135-ங்கற போர்ட்டுக்கு வெளியில எங்கயோ இருக்கற இன்னொரு இன்ஃபெக்ட் ஆன கம்ப்யூட்டர் ஒரு டேட்டா பாக்கெட் அனுப்பும். அந்தப் போர்ட்ல கேட்டுக்கிட்டு இருந்த விண்டோஸ் சர்வீஸ்ல ஒரு ஓட்டை. பாக்கெட் உள்ள வந்ததும் ஓட்டை வழியா அது சொல்றத உங்க கம்ப்யூட்டர் கேக்கும், அதுக்கு அப்புறம்தான் `msblast.exe`ங்கற ஃபைல் உள்ள எறங்கும். அப்ப ஆன்டிவைரஸ் எங்க வருது? அந்தக் கடைசி ஸ்டெப்ல. ஃபைல் டிஸ்க்ல விழுந்ததும் பார்த்து டெலீட் பண்ணிடும், சரிதான், ஆனா போர்ட் இன்னும் திறந்துதானே இருக்கு, அடுத்த பாக்கெட் வரும், சர்வீஸ் கிராஷ் ஆகும், மறுபடி அறுபது செகண்ட். ஆன்டிவைரஸ் தன் வேலையைச் சரியா செஞ்சும் உங்க கம்ப்யூட்டரை யூஸ் பண்ண முடியாது.

ஃபயர்வால் இருந்தா அந்த முதல் பாக்கெட்டே சர்வீஸ் வரைக்கும் போகாது. அவ்ளோதான் விஷயம். எக்ஸ்பில ஃபயர்வால் இல்லாம இல்ல, இருந்துச்சு, ஆனா ஆஃப்லயே வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சு 2004 ஆகஸ்ட்ல சர்வீஸ் பேக் 2 வந்தப்பதான் மைக்ரோசாஃப்ட் அதை டீஃபால்ட்டா ஆன் பண்ணிச்சு. அதனால இன்னைக்கு நீங்க விண்டோஸ் போட்டதும் ஃபயர்வால் ஆன்ல இருக்குதுன்னா அதுக்குப் பின்னாடி இந்தக் கதையும் இருக்கு.

"இப்ப வீட்ல ரவுட்டர் இருக்கே ப்ரோ, வெளியில இருந்து எவனும் நேரா உள்ள வர முடியாதே"ன்னு கேப்பீங்க. பெரும்பாலும் உண்மை. ஆனா ஒரே வைஃபைல இருக்கற இன்னொரு லேப்டாப் வெளியில இல்லையே, உள்ளதானே இருக்கு. 2017 மே மாசம் வான்னாக்ரைங்கற இன்னொரு வோர்ம் பரவினது 445 போர்ட் வழியா, ஃபைல் ஷேரிங் போர்ட், ஒரு மெஷின்ல புகுந்ததும் அதே நெட்வொர்க்ல இருக்கற அப்டேட் பண்ணாத மத்த மெஷினுக்கு எல்லாம் அதுவே தாவிப் போச்சு. ஹாஸ்டல் வைஃபை, காபி ஷாப் வைஃபை, லாட்ஜ் வைஃபை, இங்க எல்லாம் உங்களையும் பக்கத்து லேப்டாப்பையும் பிரிக்கறது உங்க விண்டோஸ் ஃபயர்வால் மட்டும்தான்னு பல நேரம் இருக்கும்.

இங்க ஒரு சின்ன செட்டிங் இருக்கு, நிறைய பேர் பாக்கறதே இல்ல. வைஃபை ப்ராப்பர்ட்டீஸ்ல போனா `Public network`, `Private network`னு ரெண்டு இருக்கும். பப்ளிக்னா ஃபயர்வால் டைட்டா இருக்கும். பிரைவேட்னா ஃபைல் ஷேரிங், பிரின்ட்டர் ஷேரிங் மாதிரி சிலதுக்கு வழி விடும். வீட்ல பிரின்ட்டருக்காகப் பிரைவேட் வைங்க, தப்பில்ல. ஹாஸ்டல்ல பிரைவேட்ல வெச்சா ஃபயர்வால் ஆன்ல இருந்தும் கதவு கொஞ்சம் திறந்த கணக்குதான். பவர்ஷெல் திறந்து இதை அடிங்க:

```
Get-NetConnectionProfile
Get-NetFirewallProfile | Select Name, Enabled
```

முதல் கமாண்ட்ல `NetworkCategory`ங்கற வரியைப் பாருங்க, நீங்க இருக்கற வைஃபை எதுல இருக்குன்னு தெரியும். ரெண்டாவதுல மூணு ப்ரொஃபைல் வரும், மூணும் `True`வா இருக்கணும். கேமுக்காக ஆஃப் பண்ணேன்னு சொன்ன அந்த நண்பர் இதை மொதல்ல பாருங்க. வேற கம்பெனி செக்யூரிட்டி சூட் போட்டு அதோட ஃபயர்வால் ஓடுதுன்னா இங்க நம்பி முடிவு பண்ணாம அந்த சாஃப்ட்வேர் உள்ள போய்ப் பாருங்க.

சரி, இப்ப ஃபயர்வாலுக்குக் கண்ணு தெரியாத பக்கத்துக்கு வருவோம். இன்னைக்கு வீட்டு கம்ப்யூட்டர்ல நடக்கற பாதி கூத்து இங்கதான்.

ஒரு பையன்னு வெச்சுக்குவோம், வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் வேணும். யூட்யூப்ல தேடறான், டிஸ்க்ரிப்ஷன்ல லிங்க், ஒரு ஜிப் ஃபைல், "பாஸ்வேர்ட் 1234"ன்னு போட்டிருக்கு. ஏன்டா ஃப்ரீயா குடுக்கற ஃபைலுக்குப் பாஸ்வேர்ட்? பாஸ்வேர்ட் போட்ட ஜிப்ல உள்ள என்ன இருக்குன்னு டவுன்லோட் ஆகறப்ப ஆன்டிவைரஸால திறந்து பார்க்க முடியாது, அதுக்குத்தான். பிரிச்சா `Setup.exe`, சைஸ் பார்த்தா ஐநூறு அறுநூறு எம்பி. உண்மையான ப்ரோக்ராம் அதுல சில எம்பிதான் இருக்கும், மிச்சம் முழுக்க வெறும் ஜீரோ. ரொம்பப் பெரிய ஃபைலை சில ஸ்கேனர் முழுசா பார்க்காம விட்டுடும், அதுக்காக ஊத வெச்சிருக்கானுங்க. கூடவே ஒரு `readme.txt`, "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும்". நம்மாளும் பண்ணிடறான்!

டபுள் க்ளிக் பண்ணா ஒண்ணும் நடக்காது, இல்ல ஏதோ எரர் வந்து மூடிக்கும். பையன் "ச்சே, வேலை செய்யல"ன்னு டெலீட் பண்ணிட்டுப் போயிடுவான். அதுக்குள்ள அது ப்ரௌசர்ல சேவ் ஆகியிருந்த பாஸ்வேர்ட், அதைவிட முக்கியமா குக்கீஸ், எல்லாத்தையும் வாரி ஒரு சர்வருக்கு அனுப்பி முடிச்சிருக்கும். எந்த வழியா? 443 போர்ட், நீங்க யூட்யூப் பார்க்கறதும் பேங்க் சைட் போறதும் அதே வழிதான். விண்டோஸ் ஃபயர்வால் டீஃபால்ட்டா உள்ள வர்ற கனெக்‌ஷனைத்தான் தடுக்கும், கம்ப்யூட்டர் உள்ளேர்ந்து தானா வெளிய போறதை விட்டுடும். அதனால ஒரு பாப்-அப் கூட வராது. "ஃபயர்வால் ஒண்ணும் சொல்லலையே"ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அந்த `Allow access` பெட்டி ஒரு ப்ரோக்ராம் வெளியில இருந்து வர்ற கனெக்‌ஷனுக்காகக் காத்திருக்க ஆரம்பிச்சாதான் வரும். திருடிட்டு ஓடறவன் எதுக்குக் காத்திருக்கப் போறான்.

குக்கீ போச்சுன்னா என்ன ஆகும்? நீங்க ஏற்கனவே லாகின் பண்ணி ஓடிபி எல்லாம் போட்டு முடிச்ச செஷன் அது. அதை எடுத்து அவன் ப்ரௌசர்ல போட்டா பல சைட்ல பாஸ்வேர்டும் கேக்காது, ஓடிபியும் கேக்காது. 2023 மார்ச்ல லினஸ் டெக் டிப்ஸ் சேனல் போனது ஞாபகம் இருக்கா, கம்ப்யூட்டரையே தொழிலா வெச்சிருக்கற ஆளுங்க, ஸ்பான்சர் மெயில்னு வந்த ஃபைலை அங்க வேலை பாக்கற ஒருத்தர் திறந்தாரு, செஷன் டோக்கன் போச்சு, சேனல்ல க்ரிப்டோ ஸ்கேம் லைவ் ஓடுச்சு.

இந்த இடத்துல நிக்கக்கூடியது ஆன்டிவைரஸ் மட்டும்தான். ஜிப்பைப் பிரிச்சதும் வெளிய வர்ற ஃபைலைப் பார்க்கும், ஓட ஆரம்பிச்சதும் அது என்ன பண்ணுதுன்னும் பார்க்கும், ப்ரௌசரோட பாஸ்வேர்ட் ஃபைல்ல கை வெக்குதான்னு. விண்டோஸ் டிஃபெண்டரே இதை ஓரளவுக்கு நல்லாவே செய்யுது, என்னைக் கேட்டா வீட்டுக்கு அதுவே போதும், ஆனா நேத்துதான் புதுசா செஞ்ச ஃபைல்னா தவறவும் விடும். இன்னொண்ணு, நீங்க ஆஃப் பண்ணாம விட்டாலும் சில மால்வேர் அட்மின் பர்மிஷன் கிடைச்சதும் மொத வேலையா டிஃபெண்டர்ல "இந்த ஃபோல்டரைப் பார்க்காதே"ன்னு எக்ஸ்க்ளூஷன் போட்டுக்கும். பவர்ஷெல்லை அட்மினா திறந்து:

```
Get-MpPreference | Select -ExpandProperty ExclusionPath
```

ஒண்ணும் வரலைன்னா நல்லது. `C:\`ன்னோ நீங்க போடாத ஃபோல்டரோ வந்துச்சுன்னா யாரோ போட்டிருக்காங்க. போன வருஷம் கிராக் போட்ட நீங்களாவும் இருக்கலாம், அது வேற விஷயம்.

அப்புறம் ரெண்டுமே கம்முனு உக்காந்திருக்கற கேஸும் உண்டு. "பேங்க்ல இருந்து பேசறோம் சார், உங்க கம்ப்யூட்டர்ல இந்த ரிமோட் ஆப் போடுங்க"ன்னு போன் வரும். அந்த ஆப் நிஜமான கம்பெனியோட நிஜமான ஆப், ஆன்டிவைரஸுக்கு அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, கனெக்‌ஷன் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய போறது, ஃபயர்வாலும் விடும். அப்பா அம்மா யூஸ் பண்ற கம்ப்யூட்டர்னா இதை வாய் விட்டு சொல்லி வைக்கறது ஒண்ணுதான் வழி, சாஃப்ட்வேர் எதுவும் பண்ணாது.

கடைசியா, இந்த வீடியோ பார்க்கறப்பவே "ஐயோ போன வாரம் அந்த ஜிப்பை நான் திறந்தேனே"ன்னு யாருக்காவது தோணுச்சுன்னா, ஸ்கேன் போட்டு க்ளீன்னு வந்துடுச்சேன்னு நிம்மதி ஆகாதீங்க, அந்த மாதிரி நிறைய மால்வேர் வேலை முடிஞ்சதும் தன்னையே அழிச்சுக்கும். அந்த கம்ப்யூட்டரோட நெட்டைப் பிடுங்குங்க. போன்ல இருந்து மெயில் அக்கவுன்ட் பாஸ்வேர்டை மொதல்ல மாத்துங்க, கூகுள் அக்கவுன்ட்ல `Your devices` போய் தெரியாத எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணுங்க. திருடின குக்கீ உங்க லேப்டாப்பாவே காட்டலாம், அதனால அந்த லேப்டாப்போட செஷனையும் சேர்த்து சைன் அவுட் பண்ணிடுங்க. அப்புறம் பேங்க், இன்ஸ்டா, மத்தது. அது முடிஞ்சப்புறம் விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணிக்கலாம், அதுக்கு அவசரம் இல்ல, செஷனுக்குத்தான் அவசரம்.