டைல்ஸ் இடுக்கில் கறுப்பா? ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள்

[காட்சி: குளியலறை மூலை. வாளி நகர்கிறது, பின்னால் இடுக்கெல்லாம் கறுப்பு.]

வாளியை நகர்த்தினால்தான் கண்ணில் படும். டைல்ஸ் பளிச்சென்று இருக்கும், நடுவில் பூசிய வெள்ளை சிமென்ட் மட்டும் கறுத்திருக்கும். டைல்ஸ் மேல் விழும் தண்ணீர் வழிந்து போய்விடுகிறது. சிமென்ட் அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரமும் மேலே படியும் சோப்புப் பிசுக்கும் பூஞ்சைக்குப் போதும்.

[காட்சி: இடுக்கில் ஒரு சொட்டு ஆசிட். நுரை, மிக அருகில்.]

புஸ்ஸென்று நுரைக்கிறது, பார்த்தீர்களா? கரைவது சிமென்ட். இன்றைக்கு வெளுத்தாற்போல் தெரியும். ஆனால் இடுக்கு சொரசொரப்பாகிக் குழி விழும், குழியில் இன்னும் அதிகமாக ஈரம் தங்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் இதே கதைதான்.

[காட்சி: பழைய டூத்பிரஷ், டிஷ்யூ பேப்பர், கையுறை.]

முதலில் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் பிசுக்கைத் தேய்த்து, நன்றாகக் கழுவி விடுங்கள். பிசுக்கு இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. அப்புறம் துணிக்குப் போடும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. சுவரில் தெளித்தால் ஓடிவிடும் என்பதால், டிஷ்யூ பேப்பரைக் கயிறுபோல் முறுக்கி, இதில் நனைத்து, இடுக்கின் மேலேயே அழுத்தி ஒட்டுங்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்து, டூத்பிரஷால் லேசாகத் தேய்த்துக் கழுவினால் போதும். இடுக்கு கலர் சிமென்ட் என்றால் பிளீச் சாயத்தை வெளுக்கக்கூடும், ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

[காட்சி: திறந்த கதவு, ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன்.]

தயவுசெய்து கவனியுங்கள். பிளீச் போட்ட இடத்தில் ஆசிட், டாய்லெட் கிளீனர், வினிகர் எதுவும் படக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சின்ன குளியலறையில் அது நுரையீரலையே பாதிக்கும். கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள்.

[காட்சி: மூலையில் ரப்பர்போல் இருக்கும் சிலிக்கான் பட்டை.]

இரண்டு முறை செய்தும் கறுப்பு அசையவில்லையா? மூலையில் இருப்பது சிலிக்கானா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிலிக்கானுக்கு அடியில் பூஞ்சை இறங்கிவிட்டால் எந்த மருந்தும் எட்டாது. பிளேடால் அறுத்தெடுத்து, இடத்தை நன்கு காயவிட்டு, புதிதாகப் பூச வேண்டியதுதான்.

[காட்சி: வைப்பர் சுவரில் மேலிருந்து கீழே இறங்குகிறது.]

திரும்ப வராமல் தடுப்பது ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் விரட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. கடைசியாகக் குளிப்பவர் சுவரிலும் தரையிலும் வைப்பர் ஓட்டட்டும், ஒரு நிமிட வேலை. ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வாளியும் ஷாம்பு பாட்டில்களும் சுவரை ஒட்டி நிற்க வேண்டாம்.

சுத்தம் செய்த இடுக்கு இரண்டு நாள் முழுதாகக் காய்ந்த பிறகு, சிமென்ட் தண்ணீர் குடிக்காமல் தடுக்கும் கிரவுட் சீலர் தடவலாம். ஈரத்தின் மேல் தடவினால் அது பிடிக்காது. பிறகு அவ்வப்போது இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துபோல் நின்றால் சீலர் இருக்கிறது. உறிஞ்சி அந்த இடம் கருத்தால், மறுபடி தடவும் நேரம் வந்துவிட்டது.