அறுபது சென் பாக்கெட்டின் விலை ஏன் நகரவில்லை? வகைக்கு வகை வேறு விழுக்காடு, ஐந்து சென்னுக்கு ரவுண்ட்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஒரு மளிகைக் கடையின் உள்ளே உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் அது மார்க்கெட் ஸ்திரீட் சத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்கார அண்ணன் விலைப் பட்டியலைப் புதுப்பிக்கிறார். மசாலா வகைக்கு 12 விழுக்காடு ஏற்றம், பருப்புக்கு 8, பூசைச் சாமானுக்கு 4 என்று முடிவு செய்துவிட்டார். சீனியும் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயும் அரசாங்கக் கட்டுப்பாட்டு விலை. அதில் நாம் கை வைக்க முடியாது, அதனால் 0. ஒவ்வொரு புது விலையும் 0 அல்லது 5 சென்னில் முடிய வேண்டும்.

ஏன் ஐந்து சென்? 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்த பில்லை ஐந்து சென்னுக்கு ரவுண்ட் செய்கிறோம். பொருளின் விலை 1 வெள்ளி 99 சென் என்று இருப்பதில் தப்பில்லை, மொத்தத்தில்தான் ரவுண்ட். ஆனால் பட்டியலிலேயே எல்லா விலையும் 0 அல்லது 5-இல் முடிந்துவிட்டால், கல்லாவில் கூட்டும்போது ஒன்று இரண்டு சென் தொங்காது. அண்ணனுக்கு வேண்டியது அதுதான்.

சரி, எக்செல் பக்கம் வருவோம். முதல் காரியம், விலையை வெள்ளியில் எழுதாமல் சென்னில் எழுதுங்கள். 1.80 என்று வேண்டாம், 180 என்று போடுங்கள். காரணம் இருக்கிறது. ஒரு எண்ணை நாம் சொல்லும் மடங்குக்கு ரவுண்ட் செய்யும் `MROUND` என்ற பார்முலாவுக்கு 0.05 மாதிரி புள்ளி எண்ணைக் கொடுத்தால், சரியாக நடுவில் விழும் விலை மேலே போகுமா கீழே போகுமா என்று உறுதி கிடையாது. மைக்ரோசாப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்கிறது: `MROUND(6.05,0.1)` என்று கொடுத்தால் 6.0 வருகிறது, `MROUND(7.05,0.1)` என்று கொடுத்தால் 7.1 வருகிறது. ஒரே மாதிரிக் கணக்கு, ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. சென்னில் முழு எண்ணாக வைத்து, விழுக்காட்டையும் 12, 8, 4 என்று முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. நடுவில் விழுந்தது எப்போதும் மேலே போகும். 262.5 என்றால் 265.

A-யில் பொருள், B-யில் வகை, C-யில் பழைய விலை. 'வகை' என்று தனித் தாளில் 2 முதல் 6 வரை ஐந்து வரியில் வகையும் விழுக்காடும். அப்புறம் D-யில் அந்த வகையின் விழுக்காடு, E-யில் ஏற்றிய விலை, F-இல் ரவுண்ட் செய்த விலை, G-யில் உண்மையான ஏற்றம், இப்படி:

```
D2: =VLOOKUP(B2,'வகை'!$A$2:$B$6,2,FALSE)
E2: =C2*(100+D2)/100
F2: =MROUND(E2,5)
G2: =(F2-C2)/C2*100
```

அந்த `FALSE`-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் எக்செல் பக்கத்தில் இருக்கும் வேறு வகையின் விழுக்காட்டை எடுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். `FALSE` போட்டிருந்தால், 'மசாலா' என்று எழுதி ஒரு இடைவெளி கூடுதலாகத் தட்டியிருந்தாலே `#N/A` என்று கத்தும். கத்தட்டும், அது நல்லது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சிலர் `IFERROR` போட்டு அதை 0 ஆக்கிவிடுவார்கள். நம் பட்டியலில் 0 என்பது கட்டுப்பாட்டு விலைக்கான உண்மையான விழுக்காடு. அப்புறம் எது சீனி, எது எழுத்துப் பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது G-யைப் பாருங்கள். இந்த வீடியோவே அதற்காகத்தான். நாம் சொன்ன விழுக்காடு D-யில் இருக்கிறது. வாடிக்கையாளர் உண்மையில் கொடுக்கப்போகும் ஏற்றம் G-யில் இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

பூசைச் சாமானை எடுத்துக்கொள்வோம், 4 விழுக்காடு. சூடம் டப்பா 120 சென். 124.8 வருகிறது, 125 ஆகிறது. நல்லது, ஏறக்குறைய 4 விழுக்காடுதான். திருநீறு பாக்கெட் 60 சென். 62.4 வருகிறது, ரவுண்ட் செய்தால் மறுபடி 60. விலை ஏறவே இல்லை. பக்கத்தில் குங்குமம் 65 சென். 67.6 வருகிறது, 70 ஆகிறது. அது 7.7 விழுக்காடு! ஒரே வகை, ஒரே விழுக்காடு, பழைய விலையில் ஐந்து சென்தான் வித்தியாசம். ஒன்று அசையவில்லை, மற்றொன்று சொன்ன விழுக்காட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறிவிட்டது.

எந்த விலைக்குக் கீழே ஏற்றம் காணாமல் போகும் என்பதை ஒரு வகுத்தலிலேயே பார்த்துவிடலாம். பழைய விலை 0 அல்லது 5-இல் முடியும் பொருள் அடுத்த ஐந்துக்கு ஏற வேண்டுமானால் குறைந்தது 2.5 சென் கூட வேண்டும். 2.5-ஐ 4 விழுக்காட்டால் வகுத்தால் 62.5 சென். அதற்குக் கீழே உள்ள பூசைச் சாமான் எதுவும் நகராது. பருப்புக்கு 8 விழுக்காடு, எல்லை 31 சென் சொச்சம். அவ்வளவு மலிவாகப் பருப்பு கிடையாது, அதனால் அந்த வகையைப் பற்றிக் கவலையில்லை.

மசாலாவில் வேறு மாதிரி சிக்கல். 50 கிராம் சீரகம் 95 சென், 100 கிராம் 190 சென். 12 விழுக்காடு ஏற்றினால் சின்னது 106.4, அது 105 ஆகிறது. பெரியது 212.8, அது 215 ஆகிறது. இரண்டு சின்னப் பாக்கெட் வாங்கினால் 2 வெள்ளி 10 சென், ஒரு பெரியது 2 வெள்ளி 15 சென். அலமாரி முன்னால் நிற்கும் அம்மாக்கள் இதை ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்கள். பெரிய பாக்கெட் அப்படியே தேங்கும். பார்முலா இதைப் பிடிக்காது, ஒவ்வொரு வரியும் தன் வரியை மட்டும்தான் பார்க்கும். ஒரே பொருளின் அளவுகளைப் பக்கத்துப் பக்கத்து வரியில் வைத்துக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் எங்கே திருத்துவது? F-இல் பார்முலாவை அழித்துவிட்டு எண்ணைத் தட்டாதீர்கள். H என்று ஒரு பத்தி, அதில் கையால் வைக்கும் விலை. சீரகம் பெரியதற்கு H-இல் 205 என்று போட்டோம். குங்குமத்துக்கு அண்ணன் யோசித்துவிட்டு, "தங்கச்சி, இந்த முறை 65-லேயே விட்டுடு, வெள்ளிக்கிழமை வாங்க வர்ற பாட்டிங்கதான் அதிகம்" என்றார். H-இல் 65. அச்சடிக்கும் விலை I-யில்:

```
I2: =IF(H2="",F2,H2)
```

இன்னொன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். E-யில் இருக்கும் ரவுண்ட் செய்யாத எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறையும் திருநீறுக்கு 4 விழுக்காடு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஸ்டிக்கரில் உள்ள 60-இலிருந்து தொடங்கினால் மறுபடி 62.4, மறுபடி 60. எத்தனை முறை ஏற்றினாலும் அது அங்கேயே நிற்கும், மொத்த வியாபாரி மட்டும் தன் விலையை ஏற்றிக்கொண்டே போவார். 62.4-இலிருந்து தொடங்கினால் 64.896 வரும், 65 ஆகும். அதனால் பட்டியல் முடிந்ததும் E-யை நகலெடுத்து, பார்முலாவாக இல்லாமல் வெறும் எண்ணாக, 'அடிப்படை விலை' என்று தனிப் பத்தியில் தேதியோடு ஒட்டுங்கள். அடுத்த முறை E-இல் `C2` இருக்கும் இடத்தில் அந்தப் பத்தி வரட்டும். G மட்டும் பழையபடி ஸ்டிக்கர் விலையோடு ஒப்பிடட்டும், ஏனென்றால் வாடிக்கையாளருக்குத் தெரிந்த விலை அதுதான்.

நாங்கள் இப்போது G-யைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, சொன்ன விழுக்காட்டை விட இரண்டு புள்ளி தள்ளிப்போன வரிகளுக்கு மஞ்சள் நிறம் அடித்திருக்கிறோம். அந்த வரிகளை மட்டும் அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முடிந்ததும் ஸ்டிக்கர் அச்சடிப்போம்.