ஒரு "தெல்" மாறினதால அர்த்தமே மாறிப்போச்சு: இங்கிலீஷ் வேலைப் பேரை இத்தாலியன்ல பிரிக்கிறது

வணக்கம் எல்லாருக்கும். கொட்டகலையில இருந்து பேசுறேன். காலையில இருந்து மழை விடவே இல்ல, தகரத்துல விழுற சத்தம் உங்களுக்கும் கேக்கும். கொஞ்சம் பொறுத்துக்கங்க, ஜன்னலை அடைச்சிட்டேன்.

இன்னைக்கு ஒரே ஒரு வேலைப் பேரை எடுத்துக்கிட்டுப் பேசப்போறேன். கஸ்டமர் சர்வீஸ் ட்ரெய்னிங் மனேஜர். நாலு பெயர்ச்சொல், நடுவுல ஒரு சின்னச் சொல்லு கூட கிடையாது. இதை இத்தாலியன்ல எழுதத் தெரிஞ்சிட்டா இந்த மாதிரி வர்ற எல்லாத்தையும் கிட்டத்தட்ட எழுதிடலாம். நான் இதுல ஒரு தடவை பிழை விட்டிருக்கேன், அதையும் சொல்றேன்.

எங்க லயத்து அண்ணே ஒருத்தர், நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல பன்னெண்டு வருஷமா வேலை. ரிசப்ஷன்ல நிக்கிற பிள்ளைங்க, போன் எடுக்கிற பிள்ளைங்க, இவங்களுக்கெல்லாம் விருந்தாளிகிட்ட எப்படிப் பேசணும், ஒரு முறைப்பாடு வந்தா எப்படிக் கேட்டுக்கணும்னு சொல்லிக்குடுக்கிற பொறுப்பு அவருக்கு. சர்வீஸ் லெட்டர்ல அவர் பதவி இந்த நாலு சொல்லுதான். இத்தாலியில ஒரு இடத்துக்கு விண்ணப்பம் போடணும்னு என்கிட்ட வந்தார். நான் இப்படி எழுதிக் குடுத்தேன், திரையில பாருங்க.

```
responsabile della formazione del servizio clienti
```

ரெஸ்பொன்சாபிலெ தெல்லா ஃபொர்மாட்சியோனெ தெல் செர்விட்சியோ க்ளியென்தி. எழுத்துப்பிழை இல்ல, இலக்கணப்பிழை இல்ல. நான் சந்தோஷமா அனுப்பிட்டேன். பத்து நாள் கழிச்சு வீடியோ கோல்ல அந்த இத்தாலிக்காரங்க அண்ணேகிட்ட கேட்ட முதல் கேள்வி, "அந்த ஹோட்டலுக்கு கஸ்டமர் சர்வீஸ் பிரிவை நீங்கதான் உருவாக்கினீங்களா? எத்தனை பேரோட ஆரம்பிச்சீங்க?" அண்ணே திகைச்சுப்போயிட்டார். அன்னைக்கு ராத்திரியே வந்து, "தங்கச்சி, நா எப்பம்மா அதை ஆரம்பிச்சேன்? நா வேலைக்குச் சேரும்போதே அது இருந்திச்சே"ன்னு கேட்டார். எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. அவர் பொய் சொன்னவரு மாதிரி ஆகிட்டார், என்னால.

என்ன நடந்திச்சுன்னு பாருங்க. ஃபொர்மாட்சியோனெங்கிற சொல்லுக்கு ரெண்டு பொருள். ஒண்ணு பயிற்சி. இன்னொண்ணு உருவாகுறது, உருவாக்குறது. அரசாங்கம் அமைக்கிறதை "ஃபொர்மாட்சியோனெ தெல் கொவெர்னோ"ம்பாங்க. ஃபுட்போல் மெட்ச்சுக்கு முன்னாடி யார் யார் ஆடுறாங்கன்னு பேப்பர்ல போடுற பதினொரு பேர் பட்டியலுக்கும் இதே சொல்லுதான். அப்ப ஃபொர்மாட்சியோனெக்குப் பின்னால "தி" போட்டு ஒரு பிரிவையோ குழுவையோ அமைப்பையோ வச்சீங்கன்னா, அதை உருவாக்குறதுன்னு வாசிக்க வழி இருக்கு. ஆளை வச்சா அந்தச் சிக்கல் வராது. "ஃபொர்மாட்சியோனெ தெல்யி இன்ஸெஞ்ஞான்தி"ன்னா ஆசிரியர் பயிற்சிதான். ஆசிரியரை யாரும் நிறுவ முடியாதே.

இந்த "தி"யைப் பத்தி ரெண்டு வார்த்தை. தினம்னு சொல்லும்போது வர்ற தி. தெல், தெல்லாவுக்குள்ள இருக்கிறதும் இதுதான். நம்ம "உடைய", "இன்" மாதிரி. ஆனா நம்ம "இன்" மாதிரியேதான் இதுவும், யார் செய்றா, யாருக்குச் செய்றாங்கன்னு சொல்லாது, ரெண்டு பெயரை ஒட்டவைக்க மட்டும்தான் செய்யும். "பெர்" அப்படி இல்ல. பெர்னா "க்கு", "க்காக". போற திசை அதுல இருக்கு. இருமல் மருந்து "ஷிரொப்போ பெர் லா தொஸ்ஸெ", இருமலுக்கான பாணி. கைக்குப் பூசுற கிரீம் "க்ரெமா பெர் லெ மானி".

இன்னொண்ணு, நம்மளுக்கு ஏன் இது சறுக்குதுன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். இங்கிலீஷ்ல இருந்து வர்ற பிரச்சினைன்னுதான் நினைச்சேன். இல்ல. நம்ம தமிழே அப்படித்தான். "தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர்". அஞ்சு சொல்லு, நடுவுல வேற்றுமை உருபு ஒண்ணு கூட வெளியில தெரியல, தலைவர் கடைசியில நிக்கிறார். இங்கிலீஷும் கடைசிச் சொல்லுலதான் தலையை வைக்கும். அதனால கஸ்டமர் சர்வீஸ் ட்ரெய்னிங் மனேஜர்னு கேட்டதும் "வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி முகாமையாளர்"னு அப்படியே கட்டுக்கட்டா எடுத்து வச்சிட்டுப் போயிடுறோம். பிரிக்கவே இல்ல. இத்தாலியன் பிரிக்காம விடாது.

ஆனா பிரிக்கிறதுக்கான கருவியும் நம்மகிட்ட இருக்கு. பள்ளிக்கூடத்துல தொகையும் விரியும் படிச்சோமே. தண்ணீர்க்குடம்னா தண்ணீரும் குடமும் இல்ல, தண்ணீரை உடைய குடம். உருபும் பயனும் உடன்தொக்க தொகைன்னு டீச்சர் மனப்பாடம் பண்ண வச்சாங்க. அதை இங்க அப்படியே செய்யுங்க. இத்தாலியன் பக்கமே போகாதீங்க, முதல்ல தமிழ்ல விரிங்க.

கடைசியில இருந்து வாங்க. யாரு? முகாமையாளர். எதுக்குப் பொறுப்பு? பயிற்சிக்கு. யாருக்குக் குடுக்கிற பயிற்சி? இந்த இடத்துலதான் நிறுத்தணும். வாடிக்கையாளருக்கா, அந்தப் பிரிவுல வேலை செய்றவங்களுக்கா? இங்கிலீஷ் பேரு அதைச் சொல்லாது, ஆளைக் கேக்கணும். அண்ணேகிட்ட "யாருக்குச் சொல்லிக்குடுத்தீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா "ரிசப்ஷன் பிள்ளைங்களுக்கு"ன்னு சொல்லியிருப்பார். நான் கேக்கல. அப்ப விரி என்ன? வாடிக்கையாளர் சேவைப் பிரிவுல இருக்கிறவங்களுக்குக் குடுக்கிற பயிற்சிக்குப் பொறுப்பான முகாமையாளர்.

இப்ப இத்தாலியன். தலை முதல்ல வரும். மனேஜருக்கு "ரெஸ்பொன்சாபிலெ". ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சொல்லு மாறாது, இங்கிலீஷ் "த" (the) மாதிரி முன்னால வர்ற இல், லா மட்டும் மாறும். தமிழ்ல "பயிற்சிக்குப் பொறுப்பு"ன்னு "க்கு" வருதேன்னு இங்க பெர் போட்டுறாதீங்க. ரெஸ்பொன்சாபிலெ தனக்குப் பின்னால "தி"யைத்தான் கேக்கும். "அத்தெத்தோ"ன்னு ஒரு சொல்லு இருக்கு, ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்டவர்னு, அது "ஆ"வைக் கேக்கும். சில சொல்லு தனக்கு எது வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கு, அதைச் சொல்லோட சேர்த்தே படிச்சுக்கணும். அடுத்தது ஃபொர்மாட்சியோனெ, அதுக்கு முன்னால தி-யும் லா-வும் சேர்ந்து "தெல்லா". அப்புறம் வர்ற மூட்டுலதான் "யாருக்கு"ங்கிற கேள்வி இருந்திச்சு, அங்க பெர்.

```
responsabile della formazione per il servizio clienti
```

பெர் எதோடயும் ஒட்டாது, பார்த்தீங்களா? தி-யும் இல்-லும் சேர்ந்து தெல் ஆகும், ஆனா பெர் இல் ரெண்டும் தனித்தனியாவே நிக்கும். உருவாக்குறதுங்கிற வாசிப்பும் இப்ப போயிருச்சு.

செர்விட்சியோ க்ளியென்தி நடுவுல ஒண்ணும் இல்லையேன்னு போன தடவை ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. அது ஒரே சொல்லா உறைஞ்சுபோனது, அந்தப் பிரிவோட பேரு. போன் பில்லுலயே அப்படித்தான் அச்சடிச்சிருக்கும். அதைப் பிரிச்சு "செர்விட்சியோ பெர் இ க்ளியென்தி"ன்னு எழுதினா பிழை இல்ல, ஆனா வாடிக்கையாளருக்கான ஏதோ ஒரு சேவைன்னு ஆகிடும், பிரிவு காணாமப் போயிடும். உறைஞ்சது எது, பிரிக்கணும்கிறது எதுன்னு அறிய நான் செய்றது, இத்தாலியன் வேலை விளம்பரங்கள்ல அந்த ரெண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுறது. பக்கத்துல பக்கத்துல நிறைய வந்தா கை வைக்க மாட்டேன்.

பெரிய இடத்துக்கு அனுப்புறப்போ ஆளையே வெளியில கொண்டுவந்து எழுதலாம், இன்னும் தெளிவு.

```
responsabile della formazione del personale
addetto al servizio clienti
```

சேவைப் பிரிவு வேலைக்குன்னு இருக்கிற ஊழியர்களோட பயிற்சிக்குப் பொறுப்பானவர். பெர்சொனாலென்னா ஊழியர்கள், ஆட்கள், அதனால தி போட்டாலும் பயிற்சின்னுதான் வாசிப்பாங்க. நடுவுல அந்த அத்தெத்தோ வந்ததால மூணாவது தெல் விழல. தெல்லா, தெல், தெல்னு அடுக்கிக்கிட்டே போனா இத்தாலியன்காரங்களுக்கே மூச்சு முட்டும். அண்ணேக்கு நான் கடைசியா எழுதிக் குடுத்தது இதைத்தான், கூடவே அவங்களுக்கு ஒரு விளக்கக் கடிதமும்.

தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடுறேன்னு நினைச்சேன், அதுலயும் ஒண்ணு ஞாபகம் வருது. "தாட்சா தி தே"ன்னா ஒரு கோப்பை தேத்தண்ணி, உள்ள தேத்தண்ணி இருக்கு. வெறும் தேத்தண்ணிக் கோப்பை, அலமாரியில இருக்கிறது, "தாட்சா தா தே". எதுக்குப் பயன்படுத்துறதுன்னு ஒரு பொருளோட வகையைச் சொல்ல "தா" வரும். சாப்பாட்டு அறை "சாலா தா ப்ரான்ட்சோ". பயன்னு வந்த உடனே பெர்னு ஓடிறாதீங்கன்னு சொல்லத்தான் இது. அதைத் தனி வீடியோவாப் பேசலாம்.

சரி, இன்னொரு நீளமானது. தலவாக்கலையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. இத்தாலியில இருக்கிற ஊர்க்காரங்ககிட்ட பணம் சேக்கிறதுக்கு ஒரு அறிவித்தல். தமிழ்லயே அடுக்குதான்: "தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் புலமைப்பரிசில் நிதியம்". இங்கிலீஷும் அதே வரிசை, அதே அடுக்கு. அவங்க எழுதியிருந்ததுல ஆறு இடத்துல தி வருது. வாசிச்சா நிதியம் பிள்ளைங்களுதா, பிள்ளைங்களுக்கானதான்னு தெரியல.

விரிப்போமா? நிதியம். எதுக்கு? புலமைப்பரிசில் குடுக்க, அங்க பெர். புலமைப்பரிசில் "போர்ஸா தி ஸ்தூதியோ", உறைஞ்ச சொல்லு, தொடாதீங்க. யாருக்கு? பிள்ளைங்களுக்கு. இன்னொரு பெர் போடலாம், பிழை இல்ல, ஆனா ரெண்டு பெர் பக்கத்துல பக்கத்துல வந்தா ரெண்டாவது நிதியத்தைப் பிடிக்குதா புலமைப்பரிசிலைப் பிடிக்குதான்னு ஒரு நொடி தடுமாறும். அங்க "தெஸ்தினாத்தெ ஆய்"னு போட்டா, "அவங்களுக்குன்னு ஒதுக்கின"ன்னு பொருள். அது பன்மைப் பெண்பால்ல நிக்கிறதால போர்ஸெயை மட்டும்தான் பிடிக்கும், ஃபோந்தோ ஆண்பால் ஒருமை, அதைப் பிடிக்கவே முடியாது. எனக்கு இந்த மொழியில ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், எது எதோட சேருதுன்னு சொல்லோட வாலே காட்டிக்குடுக்கும். பிள்ளைங்க யாரோட? தொழிலாளரோட, தி. தொழிலாளர் எங்கத்த? தோட்டத்து, தி. என்ன தோட்டம்? தேயிலை, தி.

```
fondo per borse di studio destinate ai figli
dei lavoratori delle piantagioni di tè
```

கடைசித் தி மட்டும் தனியா நிக்குது, கவனிச்சீங்களா? "லவொராத்தோரி தெல்லெ பியந்தாஜோனி"ல குறிப்பிட்ட தோட்டங்கள், அதனால லெ சேர்ந்திருக்கு. தேயிலை தோட்டத்தோட வகையை மட்டும் சொல்லுது, எந்தத் தேயிலைன்னு யாரும் கேக்கல, அதனால வெறும் தி. "தெல் தே"ன்னு எழுதினா ஏற்கெனவே பேசிக்கிட்டிருந்த ஒரு தேயிலையைச் சொல்ற மாதிரி கேக்கும்.

அனுப்புறதுக்கு முன்னால நான் ஒரு வேலை செய்வேன். இத்தாலியன் வரியை மட்டும் பார்த்து, மூலத்தைத் திரும்பிப் பாக்காம, வாலில் இருந்து தலைக்குத் தமிழ்ல உருபோட சொல்லிப் பாப்பேன். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய புலமைப்பரிசில்களுக்கான நிதியம். ஒரே ஒரு மாதிரிதான் வருது. அண்ணேயோட முதல் வரியை அப்படிச் சொல்லிப் பார்த்தா "சேவைப் பிரிவின் பயிற்சி"ன்னும் வருது, "சேவைப் பிரிவின் உருவாக்கம்"னும் வருது. ரெண்டு வந்திச்சுன்னா அந்த மூட்டுல தி-யை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுப் பாக்கணும்.

தலவாக்கலைத் தங்கச்சி, அறிவித்தலை இந்த வரியோட அனுப்பலாம். தலைப்புல ஃபோந்தோவுக்கு மட்டும் பெரிய எழுத்துப் போட்டாப் போதும், இங்கிலீஷ் மாதிரி எல்லாச் சொல்லுக்கும் போடாதீங்க.