ஏழுக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவே

(ரசிகர் மன்றங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, இரு தரப்பின் வசவையும் வாங்கியே தலை நரைத்துப்போன நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, இடப்பக்கம் மஞ்சளாகவும் வலப்பக்கம் சிவப்பாகவும் பிரிந்து உட்கார்ந்திருக்கும் ரசிகப் பெருமக்களே, வணக்கம். செயலாளரின் பெயரை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு அழைக்க மாட்டார். ஆகவே அவருக்குத் தனி வணக்கம்.

மூன்று விஷயங்கள் பேச வந்திருக்கிறேன். கேலி மீம் எங்கே பகையாகிறது என்பது ஒன்று. இதில் சட்டம் எதுவரை வரும் என்பது இரண்டு. வீராங்கனைகளுக்கு வரும் வசவு ஏன் வேறு ரகம் என்பது மூன்று. எல்லாவற்றுக்கும் பொதுவாக என் பாட்டி சொன்ன பழமொழி ஒன்று உண்டு: நுணலும் தன் வாயால் கெடும். இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று குறை சொல்கிறார்கள். தவளை கத்துவதை நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுகிறேன்.

முதலில் ஒரு கதை. 2023 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்துக் கால்பந்தில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு அதன் பரம வைரியான மான்செஸ்டர் யுனைடெட் வருகிறது. ஒரு வாரம் முன்புதான் அவர்கள் லீக் கோப்பையை வென்றிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆகஸ்டில் லிவர்பூலை 2-1 என்று தோற்கடித்திருந்தார்கள். அப்படியானால் ஆட்டத்துக்கு முன்பே கேலிப் படங்களை யார் தயாரித்து வைத்திருப்பார்கள்? சரி, ஆட்டம் தொடங்குகிறது. 43-ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. பிறகு லிவர்பூலின் கக்போ ஒன்று அடிக்கிறார். இடைவேளை. தேநீர் வாங்கப் போனவர் திரும்பி வருவதற்குள் நூன்யெஸ் ஒன்று, கக்போ மீண்டும் ஒன்று. மூன்று! பிறகு சாலா. பிறகு மீண்டும் நூன்யெஸ். மீண்டும் சாலா, அந்த கோலோடு அவர் பிரீமியர் லீக்கில் லிவர்பூலுக்காக அதிக கோல் அடித்தவரும் ஆகிவிட்டார். போதும் என்று எல்லோரும் நினைக்கும்போது மாற்று ஆட்டக்காரராக வந்த ஃபிர்மினோ ஒன்று. ஏழுக்குப் பூஜ்யம்! 1931-க்குப் பிறகு யுனைடெட் இப்படித் தோற்றதே இல்லை.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? யுனைடெட் ரசிகர் எதைப் பதிவிட்டாலும் கீழே ‘7’ என்று ஓர் எண். வேறு சொல்லே கிடையாது. வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கொரு கோல். (கைதட்டல். வலப்பக்கம் மட்டும்.) இதுவும் குத்தும், குத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஏழு கோலை வாங்கியது ஓர் அணி, களத்தில், தொண்ணூறு நிமிடத்தில். அடுத்த ஆட்டத்தில் திருப்பிக் கொடுக்கவும் முடியும். இந்தியாவில் ஐ.பி.எல். கிரிக்கெட்டின் பெங்களூரு அணி ரசிகர்கள் ‘இந்த ஆண்டு கோப்பை நமதே’ என்ற தங்கள் சொந்த முழக்கமே கேலியாகத் திரும்பி வருவதை ஆண்டுக்கணக்கில் தாங்கினார்கள். 2025 ஜூன் 3 அன்று கோப்பை வந்தது. அன்றே கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்க முடிகிற கேலிதான் கேலி.

இப்போது அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள இன்னோர் எண்ணைச் சொல்கிறேன். அது 97. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்களின் எண்ணிக்கை அது. கடைசி உயிர், அன்றைய காயங்களோடு முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்து, 2021-இல் பிரிந்தது. யுனைடெட்டுக்கும் ஒரு துயரம் இருக்கிறது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் விமானம் விழுந்து 23 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். இந்த இரண்டு சாவையும் எதிரெதிர்க் காலரிகளில் பாட்டாகப் பாடியவர்கள் இருந்தார்கள்.

2023 ஜூன் 3, வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். யுனைடெட் சட்டை அணிந்த ஒருவர் முதுகில் 97 என்று எண் போட்டு, ஆட்டக்காரர் பெயர் வரும் இடத்தில் ‘போதாது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை அச்சிட்டுக்கொண்டு வந்தார். படம் பரவியது, கைதானார். 1,000 பவுண்டு அபராதம், நான்கு ஆண்டு மைதானத் தடை. நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் முதுகால் கெட்டது.

ஒரு சங்கதியைக் கவனியுங்கள். அன்று யுனைடெட்டை எதிர்த்து ஆடியது மான்செஸ்டர் சிட்டி. லிவர்பூல் அந்த மைதானத்திலேயே இல்லை! எதிராளி இல்லாத இடத்தில், ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத சாவைக் காசு கொடுத்து அச்சிட்டு அணிந்து வந்தால் அது ஆட்டத்தின் சூடு இல்லை. மீமிலும் இப்படித்தான் அடையாளம் காண வேண்டும். ஸ்கோரைப் பற்றிப் பேசுகிறதா? ஆட்டக்காரர் அடித்த ஷாட்டைப் பற்றியா? அல்லது அவர் நிறம், மதம், மகளைப் பற்றியா? 2022 ஆசியக் கோப்பையில் அர்ஷ்தீப் சிங் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு கேட்சை விட்டார். கேட்சைக் கேலி செய்த படங்கள் வந்தன, போயின. ஆனால் அவருடைய விக்கிபீடியா பக்கத்தில் யாரோ புகுந்து அவரைப் பிரிவினைவாதத்தோடு முடிச்சுப் போட்டார்கள். அந்தத் திருத்தத்தில் கேட்ச் எங்கே இருக்கிறது?

இன்னோர் அடையாளம், படத்தை எங்கே இடுகிறார்கள் என்பது. தன் குழுவில் போட்டுச் சிரிப்பது ஒன்று. தோற்றவரின் சொந்தக் கணக்கைக் குறியிட்டு அவர் கைப்பேசிக்கே அனுப்புவது வேறு. ஒருவர் அனுப்பினால் குறும்பு. அதையே ஆயிரம் பேர் அனுப்பினால், எவருமே தான் தவறு செய்ததாக நினைக்காமல், ஒரு மனிதனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். 2020-ஆம் ஆண்டின் யூரோ கோப்பை 2021-இல் நடந்தது. இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவரும் பெனால்டியைத் தவறவிட்ட இரவு அதுதான் நடந்தது. நிறத்தைச் சொல்லி ஏசினார்கள். முகமற்ற கணக்குகளே காரணம் என்றார்கள். டுவிட்டர் நிறுவனம் பிறகு சொன்னது வேறு: அந்தப் போட்டித் தொடரில் நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 விழுக்காடு, உரிமையாளர் யாரென்று அடையாளம் காணக்கூடியவை. என் பழமொழியை மீண்டும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சட்டத்தைப் பற்றியும் வீராங்கனைகளைப் பற்றியும் இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். நான் உண்மையில் வந்த காரியம் வேறு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த 7-0 ஆட்டத்துக்கு முன்பு இரண்டு பயிற்சியாளர்கள், லிவர்பூலின் க்ளாப்பும் யுனைடெட்டின் டென் ஹாக்கும், சேர்ந்து வேண்டுகோள் விடுத்தார்கள்: சாவைப் பாடாதீர்கள் என்று. வேகம் இருக்கட்டும், விஷம் வேண்டாம் என்பது க்ளாப் சொன்னதன் சாரம். அதனால் எல்லாம் நின்றுவிடவில்லை. சட்டைக்காரர் அதற்குப் பிறகுதான் வந்தார். ஆனாலும் அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவரும் எதிரணியைக் கண்டிக்காமல் தன் ரசிகர்களைப் பார்த்தே பேசியது. எதிரணிக்காரன் சொன்னால் நம்மவன் இன்னும் இரண்டு மடங்கு போடுவான். நம் குழுவின் நிர்வாகி சொன்னால் முணுமுணுத்துக்கொண்டாவது நீக்குவான்.

ஆகவே ஓராண்டாக நான் எல்லா மேடையிலும் கேட்டுவருவது இதைத்தான்: மஞ்சள் குழு நிர்வாகியிடம் சிவப்புக் குழு நிர்வாகியின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். எல்லை தாண்டிய படம் வந்தால் பதிலுக்குப் படம் போடாமல் ஓர் அழைப்பு. அழைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் தன் ஆள் போட்டதைத் தானே நீக்க வேண்டும். “அவர்கள்தான் முதலில் தொடங்கினார்கள்” என்ற விளக்கம் செல்லாது. ஸ்கோரைப் பற்றிய படத்துக்கு அழைத்தால் எடுக்கவே வேண்டாம். ஏழு வாங்கினால் ஏழைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

படிவம் வாசலில் செயலாளரிடம் இருக்கிறது. இரண்டு பெயர், இரண்டு எண், இரண்டு கையெழுத்து, வேறொன்றும் இல்லை. நடுவர் ஐயா சாட்சியாகக் கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார். பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்ற கூட்டத்தில் நான்கு பேனா போய்விட்டது. வணக்கம்.