முதலில் அவர் பெயர், அப்புறம் உங்கள் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசும்போது வணக்கம் எவ்வளவு நீண்டாலும் கெடுதல் இல்லை. கேட்பவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. படகில் இருக்கிற வாக்கி டாக்கி அப்படி இல்லை. அதில் பேசுவதற்கும் கேட்பதற்கும் ஒரே அலைவரிசைதான். பக்கவாட்டில் இருக்கிற பொத்தானை அழுத்திய நிமிடமே உங்கள் கருவி கேட்பதை நிறுத்திவிடும். விரலை எடுக்கும்வரை நீங்கள் செவிடு. அதே நேரத்தில், அந்தச் சேனலில் இருக்கிற மற்ற எல்லோர் வாயையும் நீங்கள்தான் அடைத்து வைத்திருக்கிறீர்கள். ஒருவரைக் கூப்பிடும் முறை ஏன் அப்படி அமைந்தது என்பதற்கான காரணம் எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

பாம்பன், மண்டபம், இராமேசுவரம், தொண்டி, கீழக்கரை என்று நம் கரை முழுவதும் படகுகளுக்குப் பொதுவான கூப்பிடு சேனல் 16. அதன் அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்தில் இருப்பவர் கத்துவதும் இதில்தான், சும்மா ஒரு படகு இன்னொரு படகைக் கூப்பிடுவதும் இதில்தான். இரண்டுக்கும் ஒரே வாசல் என்பதால், அந்த வாசலில் யாரும் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஆபத்து அழைப்பைத் தவிர வேறு எந்த அழைப்பும் இந்தச் சேனலை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது உலகம் முழுவதற்குமான விதி.

ஒரு விடியற்காலையை எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணையில் ஒரு விசைப்படகின் இன்ஜின் சூடேறுகிறது. ட்ரைவர் பக்கத்தில் வலை இழுக்கிற படகிடம் ஒரு பெல்ட் கேட்க வேண்டும். வாக்கியை எடுக்கிறார்.

"ஹலோ, ஹலோ... அண்ணே... கேக்குதா? அண்ணே நான்தான் பேசுறேன்... எங்க நிக்கிறீங்க... இங்க இன்ஜின் கொஞ்சம் சூடாகுது... ஹலோ, யாராவது இருக்கீங்களா?"

இதற்குப் பன்னிரண்டு நொடி ஆகும். இதில் பயனுள்ள செய்தி எத்தனை நொடி? யார் கூப்பிடுகிறார் என்று இல்லை, யாரைக் கூப்பிடுகிறார் என்றும் இல்லை. "அண்ணே" என்றால் அந்தச் சுற்றுவட்டத்தில் முப்பது பேர் இருப்பார்கள். அதில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி "யாருப்பா?" என்பார்கள். கருவியில் ஒரு கரகரப்புதான் கேட்கும். இல்லையென்றால், யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவர் குரல் மட்டும் கேட்டு மற்ற இரண்டும் சுவடில்லாமல் போய்விடும். இந்தக் கருவிகள் பேசுகிற எஃப்.எம். முறையில் பலமான அலை மெலிந்த அலையை முழுசாக அமுக்கிவிடும். அமுங்கியவருக்குத் தான் அமுங்கியது தெரியாது. தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

அதையே முறையாகச் சொன்னால் இப்படி இருக்கும்.

"ஆரோக்கிய மாதா நாலு ரெண்டு ஏழு, ஆரோக்கிய மாதா நாலு ரெண்டு ஏழு. இது அந்தோணியார் ஒன்னு ஆறு மூனு. ஓவர்."

விரலை எடுத்துவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் முடிந்துவிட்டது. இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. கூப்பிடப்படுகிறவர் பெயர் முதலில் வருகிறது, ஏனென்றால் தன் பெயர் காதில் விழுந்தால்தான் மனிதர் நிமிர்வார். வலையைக் கையில் பிடித்திருக்கிறவர் வாக்கியில் வருகிற எல்லாப் பேச்சையும் கவனிப்பதில்லை. தன் படகுப் பெயர் விழுந்த பிறகுதான் அவர் காது திறக்கிறது. காது திறந்த பிறகு வருவது உங்கள் பெயர். இந்த வரிசையை மாற்றி உங்கள் பெயரை முதலில் சொன்னால், அவர் நிமிர்வதற்குள் அது போய்விடும். அப்புறம் "கூப்பிட்டது யாரு?" என்று இன்னொரு சுற்று.

பெயரோடு எண்ணைச் சேர்ப்பது நம் கரைக்கு மிக அவசியம். அந்தோணியார், ஆரோக்கிய மாதா போன்ற பெயர்கள் ஒரே துறையில் பல படகுகளுக்கு இருக்கும். பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் சேர்ந்தால் குழப்பம் தீர்ந்தது. எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். "நானூத்தி இருபத்தேழு" என்றால் இன்ஜின் சத்தத்தில் பாதி கரைந்துவிடும். "எட்டு"ம் "பத்து"ம் வால் ஒரே மாதிரி முடிவதால் இரைச்சலில் ஒன்று மற்றதாகக் கேட்கும். தனித்தனி இலக்கமாகச் சொல்லும்போது பத்து என்ற சொல்லே வராது.

பெயரை இரண்டு முறை சொல்வது நீளத்தைக் கூட்டாதா என்று கேட்கலாம். கூட்டும்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் கருவி அலையை வெளியிட ஒரு கண நேரம் எடுக்கும். எதிர்முனையில் இரைச்சலை அடைத்து வைத்திருக்கும் ஸ்குவெல்ச் திறக்க இன்னும் ஒரு கணம். எதிர்முனைக் கருவியில் பேட்டரி சேமிப்பு வைத்திருந்தால், அது இடையிடையே தூங்கி விழித்துக் கேட்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் தாமதம். அழுத்திய நொடியிலேயே வாயைத் திறந்தால் "ஆரோக்கிய மாதா" என்பது "கிய மாதா" என்றுதான் போய்ச் சேரும். எனவே அழுத்தி, அரை நொடி நிதானித்து, பிறகு பேச வேண்டும். முதல் முறை தலை அறுந்தாலும் இரண்டாம் முறை முழுசாகப் போகும். முடிக்கும்போதும் கடைசி எழுத்தை வாய் முடித்த பிறகே விரலை எடுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களின் அழைப்பில் பெரும்பாலும் அறுந்துபோவது எண்ணின் கடைசி இலக்கம்தான்.

மைக் வாயிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி இருக்கட்டும். கச்சான் காற்று அடிக்கும்போது முதுகைக் காற்றுக்குக் கொடுத்துப் பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தினால் தூரம் கூடாது. கருவி ஓர் அளவுக்கு மேல் குரலை வெட்டிவிடும், வார்த்தை உடைந்து கேட்கும்.

இனி பதில். "அந்தோணியார் ஒன்னு ஆறு மூனு, இது ஆரோக்கிய மாதா. எழுபத்திரண்டுக்கு வாங்க. ஓவர்." "எழுபத்திரண்டு." இருவரும் சேனல் 72-க்குப் போய்விடுகிறார்கள். அங்கே இன்ஜினைப் பற்றி, பெல்ட்டைப் பற்றி, யார் யாரை நோக்கி ஓட்டுவது என்பதைப் பற்றிப் பேசலாம். படகுக்குப் படகு பேச 6, 8, 72, 77 ஆகிய சேனல்கள் இருக்கின்றன. 70-ஐ மட்டும் தொடக் கூடாது, அது இயந்திரங்கள் எண்முறையில் ஆபத்துச் செய்தி அனுப்புகிற சேனல். புதுச் சேனலில் ஆளைக் காணவில்லை என்றால் அங்கேயே கத்திக்கொண்டிருக்காமல் 16-க்குத் திரும்பி வர வேண்டும்.

பதிலே வரவில்லை என்றால்? இரண்டு நிமிடம் விட்டு மறுபடி கூப்பிடுங்கள். இப்படி மூன்று முறை. அதன் பிறகு கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். இந்த இடைவெளி வெறும் மரியாதைக்காக இல்லை. உங்களுக்குக் கேட்காத ஒருவர் அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருக்கலாம்.

இந்தக் "கேட்காத ஒருவர்" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். இந்த வாக்கிகள் பயன்படுத்துகிற வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கடலின் வளைவு அதை மறைக்கும். ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் எல்லை சுமார் 6 கிலோமீட்டர். எதிரே இருக்கிறவருக்கும் அதே உயரம் என்றால் இரண்டையும் கூட்டி 12 கிலோமீட்டர். கரையில் 25 மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா இருந்தால் அதற்கு மட்டும் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆகவே படகும் கரையும் 26 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். இப்போது பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையில் 20 கிலோமீட்டரில் ஒரு படகு, தெற்கே மன்னார் வளைகுடாவில் 20 கிலோமீட்டரில் ஒரு படகு. பாம்பன் கரைக்கு இருவர் குரலும் கேட்கும். ஆனால் இருவருக்கும் நடுவே 40 கிலோமீட்டர். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவே கேட்காது. வடக்கே இருப்பவர் சேனல் காலியாக இருப்பதாக நினைத்து ஒரு நிமிடம் கதை பேசினால், தெற்கே படகில் தண்ணீர் ஏறுகிறது என்று கூவுகிறவரின் குரல் கரைக்கு வராமல் போகலாம். வடக்கே இருப்பவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது, அவர் பொத்தானை அழுத்துவதற்கு முன் காது கொடுத்துத்தான் பார்த்தார். கேட்டுவிட்டுப் பேசுவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. தெரியாமல் ஒருவரை மறித்தாலும் ஏழெட்டு நொடியில் வழி விட்டுவிடுகிறோம் என்பதற்குத்தான் சுருக்கம்.

ஆபத்து அழைப்புக்கு மட்டும் கணக்கு வேறு. "மேடே" மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். இங்கே திரும்பச் சொல்வதுதான் முறை. கைபேசிக்கு டவர் கிடைக்கிற தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554-ஐயும் அழைக்கலாம்.

உரிமம் எடுத்து அமெச்சூர் வானொலி நடத்துகிறவர்களுக்கும் இதே அடிப்படைதான், சொற்கள்தான் மாறும். குறிப்பிட்ட ஆள் இல்லாமல் யாராவது கேட்கிறீர்களா என்று கூப்பிடுவதற்கு "சி க்யூ" என்பார்கள். முதலில் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும், பிறகு அலைவரிசை உபயோகத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் சி க்யூ மூன்று முறை, தன் அழைப்புக்குறி இரண்டு முறை, ஒவ்வோர் எழுத்தையும் விக்டர், யூனிஃபார்ம் என்று பிரித்துச் சொல்லி, நிறுத்திக் கேட்க வேண்டும். பதினைந்து முறை சி க்யூ சொல்லிவிட்டு அழைப்புக்குறியை ஒரு முறை வேகமாக விழுங்குகிறவர்கள் உண்டு. கேட்பவர் காத்திருந்து, சலித்து, டயலைத் திருப்பிவிடுவார். வாங்கிய அலையைப் பலமாக்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டரில் சி க்யூ-வே வேண்டாம், அழைப்புக்குறியைச் சொல்லி "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும். பல ரிப்பீட்டர்களில் தொடர்ந்து மூன்று நிமிடம் போல் பேசினால் தானாக வெட்டுகிற டைமர் இருக்கும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் இரண்டு நொடி விட்டுப் பேசினால் அந்த டைமர் திரும்பத் தொடங்கும், நடுவில் அவசரமாக நுழைய வேண்டியவருக்கும் இடம் கிடைக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். உப்புக் காற்றில் பொத்தானின் ஓரத்தில் உப்புப் பூத்து, அழுத்தினால் திரும்ப எழாமல் ஒட்டிக்கொள்ளும். கருவியை இடுப்பில் சொருகி உட்கார்ந்தாலும் பொத்தான் அமுங்கும். நீங்கள் ஒன்றும் பேசவில்லை, ஆனால் உங்கள் இன்ஜின் சத்தம் சேனல் 16 முழுவதையும் மூடிக்கொண்டிருக்கும், உங்களை எச்சரிக்க யாராலும் முடியாது, ஏனென்றால் அப்போது உங்கள் கருவி கேட்பதில்லை. நெடுநேரம் கருவியில் ஒரு சத்தமும் வரவில்லையா, பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகாத வகைக் கருவி என்றால், கரைக்கு வந்ததும் மூடியெல்லாம் இறுக்கியிருக்கிறதா என்று பார்த்து நல்ல தண்ணீரில் அலசி, பொத்தானைப் பத்து முறை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் விரலை எடுத்ததும் டக்கென்று எழ வேண்டும்.