விசைப்பலகையில் நடந்தது யார்?

நேயர்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். காலையில் பழைய தட்டச்சு இயந்திரங்கள், மாலையில் கணினிகள். பயிலகத்துக்கு வர முடியாதவர்கள் வீட்டிலேயே பாடத்தை அடித்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பெரும்பாலும் இளம் தாய்மார்கள். காசிமேட்டிலும் புதுவண்ணாரப்பேட்டையிலும் ஒற்றை அறை வீடுகளில் கணினிக்கென்று தனி மேசை ஏது? பாயில் விசைப்பலகை, அதே பாயில் குழந்தை. மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் பூனைக்கும் குறைவில்லை. எனக்கு வரும் பாடங்களில் சில, அனுப்பியவர் அடித்தவையே அல்ல.

அப்படி ஒன்று வந்தால் அடித்தது யார் என்று எழுத்துகளைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அது தெரிந்தால்தான் என்ன பதில் எழுதுவது என்பதும் தெரியும்.

முதலில் பூனை. ஒரு விசையை அழுத்த ஏறக்குறைய ஐம்பது கிராம் எடை போதும். நன்றாக வளர்ந்த பூனை நான்கு கிலோ இருக்கும். ஒரு காலை ஊன்றினாலே இரண்டு மூன்று விசைகள் சேர்ந்து அமுங்கிவிடும். ஊன்றிய காலை அது உடனே எடுப்பதும் இல்லை. ஒரு விசையை விடாமல் அழுத்தினால் கணினி ஏறக்குறைய அரை நொடி பொறுத்திருக்கும், பிறகு அதே எழுத்தை நொடிக்கு முப்பது வரைகூட வரிசையாகப் போட்டுக்கொண்டே போகும். பல விசைகள் ஒன்றாக அமுங்கியிருந்தால், கடைசியாக அமுங்கியது மட்டும்தான் இப்படித் தொடரும். ஆகவே பூனை எழுதிய கடிதம் இப்படி இருக்கும்:

```
ghbnnnnnnnnnnnnnnnnnnnnnnnnnnnnnn
```

அக்கம்பக்கத்து எழுத்துகள் சில, பிறகு ஒரே எழுத்தின் நீண்ட வால். வால் பக்கக்கணக்கில் நீண்டால் பூனை அங்கேயே படுத்துவிட்டது என்று பொருள். இந்த அடையாளங்களை வைத்து அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் நிஸ்வாண்டர் என்பவர் பாசென்ஸ் என்று ஒரு மென்பொருளே எழுதினார். விசைகள் அமுங்கும் விதத்தையும் வேகத்தையும் பார்த்து, பூனை என்று தோன்றினால் அது விசைப்பலகையை அடைத்துவிடும். பூனைக்குப் பிடிக்காத ஓசை ஒன்றையும் எழுப்பும். 2000-ஆம் ஆண்டு இக் நோபல் என்னும் வேடிக்கைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் வேலைகளுக்கான பரிசு அது. காசிமேட்டுப் பூனை எந்த ஓசைக்கும் அசையாது என்பது என் கட்சி. அது வேறு விஷயம்.

அடுத்து குழந்தை. இதற்கு உலகமே பார்த்த சான்று ஒன்று இருக்கிறது. 2021 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் அணு ஆயுதப் படைகளைக் கவனிக்கும் ராணுவத் தலைமையகத்தின் ட்விட்டர் கணக்கில் ஒரு வரி வந்தது.

```
;l;;gmlxzssaw
```

செமிகோலன், எல், செமிகோலன், செமிகோலன், ஜி, எம், எல், எக்ஸ், இசட், எஸ், எஸ், ஏ, டபிள்யூ. அவ்வளவுதான். ஏவுகணையை விடுவதற்கான ரகசியக் குறியீடோ என்று சிலர் கிண்டலாகவும் சிலர் பயந்தும் கேட்டார்கள். சுமார் அரை மணி நேரத்தில் அதை நீக்கினார்கள். பிறகு தெரிந்த விவரம் இது: கணக்கைக் கவனிப்பவர் வீட்டிலிருந்து வேலை பார்த்திருக்கிறார், திரையைத் திறந்தபடி விட்டுச் சற்று நகர்ந்திருக்கிறார், அவருடைய சின்னக் குழந்தை விசைகளோடு விளையாடி அந்த வரியை அனுப்பிவிட்டது.

இந்த விவரம் வெளிவராமல் இருந்திருந்தாலும் எங்கள் பயிலகத்தில் யாரும் இதைச் சொல்லியிருப்பார்கள். விசைப்பலகையை மனத்தில் வைத்துப் பாருங்கள். செமிகோலனும் எல்லும் வலக்கைப் பக்கம் ஒட்டியிருப்பவை. ஜியும் எம்மும் நடுவில். எக்ஸ், இசட், எஸ், ஏ, டபிள்யூ ஐந்தும் இடது மூலையில் ஒரே கொத்து. ஒரு கை வலப்பக்கம் தட்டியிருக்கிறது, நடுவைக் கடந்து இடது மூலைக்குப் போய் அங்கே விளையாடியிருக்கிறது. நீண்ட வால் எங்கும் இல்லை. ஓர் எழுத்து அடுத்தடுத்து வருவது அதிகம் போனால் இரண்டு முறைதான். ஆகவே காலை ஊன்றி நின்ற பூனை அல்ல, தட்டித் தட்டி எடுத்த கை. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அதுதானே விளையாட்டு? தட்டினால் ஏதோ வருகிறது, வருகிறதா என்று பார்க்க இன்னொரு தட்டு.

பெரியவர்களின் கைப்பிழை இப்படி இருக்காது. சொல் சொல்லாகவே இருக்கும், நடுவில் ஓர் எழுத்துக்குப் பதில் பக்கத்து எழுத்து விழுந்திருக்கும். முதல் பாடம் படிக்கிறவர்கள் அனுப்பும் `asdf ;lkj` வரிசையும் பார்ப்பதற்குக் குழந்தை அடித்தது போலத்தான் தெரியும். ஆனால் அதில் இடைவெளி ஒழுங்காக விழுந்திருக்கும், வரிக்கு வரி அதுவே திரும்ப வரும்.

இனித் தமிழுக்கு வருகிறேன். சுவையே இங்கேதான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைக்கு. மெய்கள் ஏறக்குறைய எல்லாம் வலக்கைக்கு. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந அடித்துத் த அடித்தாலும் ந்த ஆகிவிடும். இதனால் என்ன ஆகிறது? ஒரு குழந்தை இரண்டு கைகளாலும் மாறி மாறித் தட்டினால் ஆங்கிலத்தில் வாயில் நுழையாத குப்பை வரும், தமிழ்99-இல் வாய்விட்டுப் படிக்கக்கூடிய அசைகள் வரும். அந்த அமெரிக்கக் குழந்தை அடித்த அதே விசைகளைத் தமிழ்99-இல் அடித்துப் பார்த்தேன்: ந்தந்நெரதோஔஇஇஅஈ. முதல் பாதியைக் கேளுங்கள், ந்தந்நெரதோ. தாளம் போட்டுப் பாடலாம் போலிருக்கிறது.

காசிமேட்டிலிருந்து பாடம் அனுப்பும் ஒரு பெண்ணிடமிருந்து அண்மையில் வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி:

```
ப்பாதிமந்எ
```

ஜே, ஜே, க்யூ, எல், எஸ், கே, செமிகோலன், எஃப், ஜி என்ற விசைகள். எல்லாம் மேல் வரிசையிலும் நடு வரிசையிலும்தான். கீழ் வரிசைக்குக் கை போகவில்லை. வால் இல்லை. கடைசியில் ந-வுக்குப் புள்ளி வைத்து அதன் பக்கத்தில் எ என்று தனி உயிர் நிற்கிறது. தமிழ் தெரிந்த கை அப்படி அடிக்காது. சரி, அடித்தது அவளுடைய ஒன்றரை வயது மகள்தான் என்று முடிவு செய்தேன். அதற்குள் தாயிடமிருந்து தொலைபேசி. "டீச்சர், மன்னித்துவிடுங்கள். ஆனால் பாருங்களேன், அப்பா என்று எழுத வந்திருக்கிறாள்!" வரவில்லை. ஜே வலக்கை ஆட்காட்டி விரலின் இடம், க்யூ இடது மேல் மூலை. இரண்டு கையும் தட்டியதில் பா விழுந்தது. ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தத் தகவலால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

பதில் இரண்டாகப் போக வேண்டும் என்பது என் பழக்கம். தாய்க்கு எழுத்தில்: "வந்தது பாப்பாவின் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. உங்கள் பாடத்தை நேரம் கிடைக்கும்போது அனுப்புங்கள், அவசரமில்லை." என்ன நடந்தது என்பதை நானே சொல்லிவிட்டால் அவள் விளக்கம் எழுத வேண்டியதில்லை. வெறும் கேள்விக்குறியாக இரண்டு போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்தால் தாய் குழந்தையின் கையில்தான் ஓர் அடி வைப்பாள். அந்த வரியைப் படமெடுத்து எல்லோரும் இருக்கும் குழுவில் போட்டுச் சிரிப்பதும் அதே ரகம்.

குழந்தைக்கு எழுத்தில் பதில் போட்டுப் பயனில்லை, படிக்காது. குரலில் அனுப்பினேன். "ப்பாதி! ப்பாதிமா? அப்புறம்?" அவ்வளவுதான், சில நொடிகள். அது அடித்ததையே திருப்பிச் சொல்லி, ஒரு கேள்வியோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது முக்கியம், அப்போதுதான் அதன் முறை வரும். குழந்தை என் குரலைக் கேட்டுத் தொலைபேசியைப் பார்த்துவிட்டு மறுபடி விசைப்பலகையைத் தட்டியதாம். நாலைந்து வயதுக் குழந்தை என்றால் முறையே வேறு. அது ஏதோ சொல்ல நினைத்துத்தான் அடித்திருக்கும். "என்ன எழுதினாய், படித்துக் காட்டு" என்று கேட்க வேண்டும். நாமாகப் பொருள் சொல்லக் கூடாது.

தொலைபேசியில் ஒரு சிக்கல் உண்டு. விசைகளுக்கு மேலே வரும் பரிந்துரைப் பட்டையில் தாய் அடிக்கடி எழுதும் சொற்கள் வரிசையாக நிற்கும். குழந்தை அதைத் தொட்டால் குப்பை எழுத்து வராது, "சரி" என்றோ "நாளைக்கு" என்றோ முழுச் சொல் போய்விடும். இறால் கூடைக்கு விலை கேட்டிருந்த வியாபாரிக்கு அந்தச் "சரி" போனால் என்ன ஆகும்? பணமோ வாக்குறுதியோ சம்பந்தப்பட்ட ஒற்றைச் சொல் பொருந்தாத நேரத்தில் வந்தால், "இது உங்கள் பதில்தானா?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சிரிக்க முடியாதது. எழுத்துக் கொத்தாக இல்லாமல், உண்மையான சொற்களே தாறுமாறாகக் கோத்துப் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தால், அதுவும் வழக்கமாகத் தெளிவாக எழுதுகிறவரிடமிருந்து திடீரென்று வந்தால், குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கவாதத்தின் முதல் அறிகுறி இப்படிக் குறுஞ்செய்தியில் தெரிந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பதில் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே பேசிப் பாருங்கள். பேச்சும் குழறினால் 108.

அந்தப் பெண்ணிடம் ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். பிறகு பாப்பா எவ்வளவு தட்டினாலும் எதுவும் வெளியே போகாது. மறுநாள் அவளுடைய பாடம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஒற்றுப் பிழைகள் நிறைய. அவற்றைப் பாப்பாவின் கணக்கில் எழுத முடியாது என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பினேன். நன்றி, வணக்கம்.