பெரும்போகத்துக்கு முன் வங்கிக்கு ஒரு கடிதம்

வணக்கம் நேயர்களே. இன்றைய உரை நடைமுறைக் கணக்கு வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கானது. மேலதிகப்பற்று, நாங்கள் வழக்கமாக ஓ.டி. என்று சொல்வது, அதன் எல்லையைக் கூட்டித் தரும்படி வங்கிக்கு எழுதும் கடிதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் உரமும் விதைநெல்லும் கிருமிநாசினியும் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கடையும் தொகைகளும் கணக்குக்காகச் சொல்லும் உதாரணம். பக்கத்தில் பேனையும் தாளும் இருந்தால் சில தொகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடைக்கு இப்போது 15 இலட்சம் ரூபா எல்லை உண்டு. ஒக்டோபரில் விதைப்பு தொடங்கும். அன்றிலிருந்து உர மூடைகள் கடனுக்குப் போகும். தை, மாசியில் வெட்டி, நெல்லை விற்ற பிறகுதான் கமக்காரர் கையில் காசு வரும். கம்பனிக்காரரோ ஒன்றிரண்டு மாதம் கழித்த திகதியிட்ட காசோலையைக் கேட்பார்கள். காசோலை டிசம்பரில் வங்கிக்கு வரும், கமக்காரரின் காசு மார்ச்சில் வரும். இடையில் உள்ள அந்த மூன்று மாதத்துக்குத்தான் ஓ.டி.

வழக்கமாக எழுதப்படும் கடிதம் இப்படி இருக்கும்: “எனது வியாபாரம் பெருகியுள்ளதால் மேலதிகப்பற்று எல்லையை 25 இலட்சமாக உயர்த்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதை வாசிப்பவருக்கு இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்காது. எவ்வளவு பெருகியது? ஏன் 25, ஏன் 22 இல்லை? உங்கள் கிளை முகாமையாளருக்கு உங்களைத் தெரிந்திருக்கலாம். ஆனால் அவருடைய அதிகார எல்லைக்கு மேற்பட்ட தொகையென்றால் கோப்பு பிராந்திய அலுவலகத்துக்குப் போகும். அங்கே முடிவெடுப்பவர் உங்கள் கடையையோ இரணைமடுக் கமத்தையோ பார்த்திராதவராக இருக்கலாம். அவருக்காகத்தான் கடிதத்தை எழுத வேண்டும்.

முதலில் புரள்வு. கடந்த 12 மாதக் கணக்குக் கூற்றை எடுத்து, வரவுப் பக்கத்தைக் கூட்டுங்கள். எங்கள் கடைக்கு 4 கோடியே 12 இலட்சம் வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டு 3 கோடி. கிட்டத்தட்ட 37 வீத வளர்ச்சி! அப்படியே எழுதிவிடத் தோன்றும். எழுதக்கூடாது. அந்த 4 கோடி 12 இலட்சத்துக்குள் வியாபாரத்தால் வராத காசும் கிடக்கிறது. சிறிய லொறி வாங்க எடுத்த கடன் 25 இலட்சம் இந்தக் கணக்கிலேயே வரவாகியிருக்கிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து நாங்களே மாற்றிப் போட்டது 18 இலட்சம். வைப்பிலிட்ட பிறகு திரும்பிவந்த காசோலைகள் 9 இலட்சம். காசோலை திரும்பினாலும் போட்ட அன்று அது வரவில் ஏறிவிடும், மறுபடி போட்டால் இரண்டாம் முறையும் ஏறும். இந்த மூன்றும் 52 இலட்சம். கழித்தால் உண்மையான புரள்வு 3 கோடியே 60 இலட்சம். முந்தைய ஆண்டின் கூற்றிலும் இதே கழிவுகளைப் பார்த்தாயிற்று, அங்கே கழிக்க எதுவும் இல்லை. ஆக வளர்ச்சி 20 வீதம்.

37 போய் 20 ஆனதில் கவலைப்பட எதுவுமில்லை. கடன் பிரிவு அலுவலர் கூற்றை விரித்ததும் முதலில் செய்வதே இந்தக் கழித்தல்தான். அவர் கழித்துக் கண்டுபிடித்தால் மற்றத் தொகைகளையும் நம்பமாட்டார். நீங்களே கழித்து, என்னென்ன கழித்தீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், மிச்சத்தை அவர் நம்பிக்கையோடு வாசிப்பார்.

இதற்கு எதிரான சிக்கலும் உண்டு. விற்பனைப் புத்தகம் 4 கோடி 20 இலட்சம் காட்டும், வங்கிக்கு வந்ததோ 3 கோடி 60. மிச்சம் 60 இலட்சம் கல்லாவிலிருந்தே கூலிக்கும் லொறி வாடகைக்கும் போயிருக்கும், அல்லது வேறு வங்கியில் விழுந்திருக்கும். இந்த வங்கி தன் கணக்குக்குள் வந்ததைத்தான் எண்ணும். கடிதத்தில் “காசு விற்பனை இதைவிடக் கூட” என்று எழுதுவதால் பலன் இல்லை. கமக்காரர் காசு கொண்டுவரும் மாசி, பங்குனியிலேயே அன்றன்றைய வசூலை முழுதாக வைப்பிலிட்டு, செலவுகளைக் காசோலையால் கொடுக்கத் தொடங்குங்கள். ஓகஸ்டில் கடிதம் எழுதும்போது ஆறு மாதக் கூற்று உங்களுக்காகப் பேசும். கடிதத்தில் மொத்த விற்பனையைக் குறிப்பிட்டால், இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் வருமானக் கூற்றில் உள்ள விற்பனையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

புரள்வை மாதம் மாதமாகக் காட்டுங்கள். 3 கோடி 60 இலட்சத்தை 12 ஆல் பிரித்து “மாதம் 30 இலட்சம்” என்று எழுதினால், வன்னியில் நடக்கும் வியாபாரத்தின் உருவமே அழிந்துவிடும். நவம்பரில் 16 இலட்சம்தான் வந்தது, மார்ச்சில் 62 இலட்சம் வந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே இன்னும் இரண்டு தொகைகளைப் போடுங்கள்: அந்த மாதத்தில் ஓ.டி. ஆகக் கூடுதலாக எவ்வளவு போனது, ஆகக் குறைவாக எவ்வளவு இருந்தது. டிசம்பரில் 14 இலட்சத்து 80 ஆயிரம் பற்றில் நின்ற கணக்கு, மார்ச் கடைசியில் 6 இலட்சம் மிகுதியில் நிற்கிறது. என்னைக் கேட்டால் முழுக் கடிதத்திலும் கனமான தொகை அந்த 6 இலட்சம்தான். ஆண்டு முழுக்க எல்லையை ஒட்டியே ஏறாமல் இறங்காமல் கிடக்கும் கணக்கைப் பார்த்தால் வங்கி பயப்படும். அந்தக் காசு நிரந்தரமாகச் சிக்கிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள். அப்படிப்பட்ட கணக்குக்கு எல்லையைக் கூட்டாமல், நின்ற தொகையைத் தவணைக் கடனாக மாற்றிக் கட்டச் சொல்வார்கள்.

இனி, எவ்வளவு கேட்பது. 20 வீத வளர்ச்சியென்றால் 15 இலட்சம் 18 ஆகத்தானே வேண்டும், ஏன் 25 என்று அலுவலர் கேட்பார். நியாயமான கேள்வி. விடை நெருக்கடி உச்சமாக இருக்கும் டிசம்பர் நடுப்பகுதிக் கணக்கில் இருக்கிறது. அன்று கடையில் கிடக்கும் சரக்கு எவ்வளவு, கமக்காரரிடம் நிற்கும் கடன் எவ்வளவு என்று கூட்டுங்கள். அதிலிருந்து கம்பனிகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதையும், வியாபாரத்தில் போட்ட உங்கள் சொந்தக் காசையும் கழியுங்கள். மிஞ்சுவதைத்தான் வங்கி தாங்குகிறது.

சென்ற டிசம்பரில் சரக்கு 25 இலட்சம், கமக்காரர் கடன் 30 இலட்சம், ஆக 55. கம்பனிகளுக்கு 25, சொந்தக் காசு 15, ஆக 40. இடைவெளி 15 இலட்சம். இருக்கும் எல்லைக்குச் சரி. வரும் டிசம்பருக்குச் சரக்கு 30 இலட்சம், கமக்காரர் கடன் 40 இலட்சம், ஆக 70. கம்பனிகள் கடனுக்குத் தரும் சரக்குக்கும் ஓர் எல்லை உண்டு, அதனால் அது 27க்கு மேல் போகாது. இலாபத்தில் விட்டுவைத்ததோடு சொந்தக் காசு 19. ஆக 46. இடைவெளி 24 இலட்சம். 25 கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் அந்த 40 இலட்சத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். விற்பனை 20 வீதம் கூடினால் 30 இலட்சக் கடன் 36 ஆக வேண்டும். மிச்சம் 4 இலட்சம் என்ன? சென்ற பெரும்போகத்தில் கொடுத்து, அறுவடை முடிந்தும் வராத பழைய கடன். வெள்ளம் நின்ற வயல்காரரிடம் நிற்பதும் அதில் இருக்கும், கொடுக்க மனமில்லாதவரிடம் நிற்பதும் இருக்கும். வங்கி இந்த 4 இலட்சத்துக்கு ஓ.டி. தராது, தரவும் கூடாது. அடுத்த மார்ச்சிலும் அது திரும்பி வராது, அதற்கான வட்டி மட்டும் உங்கள் கணக்கில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருக்கும். அதை விலக்கினால் தேவை 20 இலட்சம். கடனை வயதுவாரியாகப் பிரித்த ஒரு பட்டியலையும் இணையுங்கள்: இந்தப் போகத்தது, சென்ற போகத்தது, அதற்கும் முந்தியது. பழையதை அந்த 19 இலட்சத்துக்கு மேலாகப் போடும் சொந்தப் பணத்தால் தாங்குகிறோம், இந்தத் திகதிக்குள் அறவிடுவோம் என்று எழுதுங்கள்.

அந்த 20 இலட்சமும் ஆண்டு முழுக்கத் தேவையில்லை. ஆகவே 15 இலட்சம் நிரந்தர எல்லை அப்படியே இருக்க, ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மட்டும் 5 இலட்சம் தற்காலிக எல்லை கேட்பது நல்லது. 25 இலட்சம் நிரந்தரமாகக் கேட்பதைவிட இதற்குச் சம்மதம் கிடைப்பது இலகு. செலவும் பெரிதில்லை. எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்குத்தான் வட்டி. ஆண்டுக்கு 14 வீதம் என்று வைத்தால், 5 இலட்சத்தை 100 நாள் பாவிக்க ஏறத்தாழ 19,200 ரூபா. அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்டினால் தண்ட வட்டி வேறு, காசோலை திரும்பினால் கட்டணமும் வேறு. அதைவிட, திரும்பிய காசோலை கம்பனிக்காரரிடம் உங்கள் பெயரையும் கெடுக்கும்.

இப்போது கடிதத்தின் தொடக்கத்தை வாசிக்கிறேன். மேலே கணக்கிலக்கமும் வியாபாரப் பதிவிலக்கமும் இருக்கும்.

“மேற்படி கணக்கின் 15 இலட்சம் ரூபா மேலதிகப்பற்று எல்லையுடன், வரும் ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 5 இலட்சம் ரூபா தற்காலிக எல்லை கோருகிறேன். கடந்த 12 மாதங்களில் கணக்கின் வியாபார வரவு 3 கோடியே 60 இலட்சம் ரூபா. முந்தைய 12 மாதங்களில் 3 கோடி ரூபா. வாகனக் கடன், சொந்தக் கணக்கு மாற்றங்கள், திரும்பிய காசோலைகள் ஆகிய 52 இலட்சம் ரூபா இதில் சேர்க்கப்படவில்லை. பெரும்போகத்துக்காகக் கடனுக்கு விற்கும் உரத்தின் பணம் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்து சேரும். சென்ற மார்ச் இறுதியில் கணக்கு 6 இலட்சம் ரூபா மிகுதியில் இருந்தது.”

தொடக்கம் இவ்வளவுதான். கேட்கும் தொகை முதல் வரியில், காரணமும் திருப்பிக் கட்டும் வழியும் அதே பந்தியில். மாதவாரிப் பட்டியல், டிசம்பர் கணக்கு, வயதுவாரிக் கடன் பட்டியல் மூன்றும் இணைப்பாகப் பின்னால் வரட்டும். சென்ற ஆண்டு உங்கள் காசோலை ஏதாவது திரும்பியிருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். கூற்றில் அது எப்படியும் தெரியும்.

பிணையைப் பற்றியும் ஒரு சொல். அனுமதிப்பத்திரக் காணியைப் பல வங்கிகள் ஈடாக ஏற்பதில்லை. உறுதிக் காணியை ஏற்கெனவே 15 இலட்சத்துக்கு ஈடு வைத்திருந்தால், கூடும் 5 இலட்சத்துக்கு மேலதிக ஈட்டுறுதி கேட்கலாம். அதற்குச் சட்டத்தரணி, மதிப்பீடு, பதிவு என்று கிழமைகள் போகும். கடிதத்தை ஓகஸ்டிலேயே கொடுக்கச் சொல்வது இதனால்தான். முதல் காசோலை திரும்பிய பின் நவம்பரில் கொண்டுபோய்க் கொடுத்தால், கேட்பது அதே தொகையாக இருந்தாலும் கோப்பின் நிறமே வேறாகிவிடும்.

அனுமதிக் கடிதம் வந்ததும் தற்காலிக எல்லை முடியும் திகதியைப் பாருங்கள். நீங்கள் மார்ச் 31 கேட்டிருக்க, வங்கி பெப்ரவரி 28 என்று போட்டிருக்கலாம். நெல் இன்னும் விற்றுத் தீராத நாள் அது. அப்படியிருந்தால், கையெழுத்து வைக்க முன் போய்ப் பேசுங்கள். அந்தத் திகதி திருத்தப்படும்வரை மார்ச் மாதத் திகதியிட்ட எந்தக் காசோலையையும் கம்பனிக்காரர் கையில் கொடுக்க வேண்டாம்.